நிழலில் உலராத முப்பத்தெட்டு

மண் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு ரெண்டு மணி அக்கா என்று பேர். ஆட்டும் மேசையில் புட்டிகளை ஏற்றிவிட்டால் சரியாக இரண்டு மணி நேரம். ஒரு நிமிஷம் கூடக் கூடாது. மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் எழுந்து போய் மேசையை நிறுத்தினவள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவள் முப்பத்தெட்டு புனல்களிலும் வரிசையாக ஊற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.

"ஏம்மா, அஞ்சு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?" என்று நிலையத் தலைவர் பிறகு கேட்டார்.

"நான் பொறுப்பேன் சார். மருந்து பொறுக்காது."

அது உண்மைதான். பத்து கிராம் மண்ணுக்கு இருபது மில்லி மருந்து. பேர் டி.டி.பி.ஏ. நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல உலோகத்தைக் கவ்விக் கரைசலுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். மண்ணில் இரும்பு மலைமலையாகக் கிடக்கும். செங்காட்டு மண்ணின் நிறமே இரும்புதான். அதில் வேருக்கு எட்டுவது துளி. அந்தத் துளியைத்தான் இந்த மருந்து எடுத்துக் காட்ட வேண்டும். இதற்கு 'போதும்' என்று சொல்லத் தெரியாது. விட்டால் மூன்றாவது மணியிலும் இழுக்கும், நான்காவதிலும் இழுக்கும். இரண்டு மணி என்பது எங்கோ சிலர் பயிர் வளர்த்துப் பார்த்து வைத்த ஒப்பந்தம். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருப்பவை அந்த ஒப்பந்தத்துக்கான எண்கள்: இரும்பு நாலரை, மாங்கனீசு ஒன்று, செம்பு பூஜ்யம் புள்ளி இரண்டு. ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம். நிலையத்தில் அதைக் கோடு என்பார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் உரம் போடச் சொல்லி எழுதுவார்கள். மேலே இருந்தால் 'போதிய அளவு' என்று முத்திரை.

இருபத்திரண்டு வயதில் புட்டி கழுவ வந்தவள். இப்போது நாற்பத்தொன்பது. கழுவுவதிலிருந்தே எல்லாவற்றையும் கற்றாள். புட்டிகளை அமிலத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். ரப்பர் மூடி ஆகாது, துத்தநாகம் ஏறும். பித்தளைச் சல்லடை ஆகாது, செம்பு ஏறும். கட்டியை இரும்பு உலக்கையால் இடிக்கக் கூடாது, மரச் சுத்திதான். மண்ணை நிழலில் காய வைக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் தெரியாது. வெயிலில் வைத்தால் தூசி விழும் என்பதற்காக இருக்கலாம் என்று நினைத்திருந்தாள். யாரிடமும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு மழை பதினோரு நாள் விடவில்லை. உலர்த்தும் அறையில் முப்பத்தெட்டு தட்டுகளில் மண் பரப்பிக் கிடந்தது. ஐந்தாம் நாளும் விரலில் ஒட்டியது. காற்றாடி சுற்றியும் பயனில்லை. ஒரு தட்டில் பூஞ்சை பிடித்தது. தலைவர் காலையும் மாலையும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் களிமண் பொம்மை செய்யற பதத்துலதான் இருக்கா?"

"வெயில் வரட்டும் சார்."

"வெயிலுக்கு நான் எங்க போய் மனு கொடுக்கறது? வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும்."

ஈரப்பதம் கணக்கிட நிலையத்தில் ஒரு சூட்டடுப்பு உண்டு. நூற்றைந்து டிகிரி. தினமும் அதில் மண் வைத்து எடுப்பது அவள்தான். அன்று சாயங்காலம் அடுப்பு காலியாக இருந்தது, சூடாகவும் இருந்தது. முப்பத்தெட்டு தட்டுகளையும் உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் மண் பொரிகடலைபோல மொறமொறத்தது. சலித்தாள், நிறுத்தாள், மருந்து ஊற்றினாள், இரண்டு மணி ஆட்டினாள், வடிகட்டினாள். வெள்ளிக்கிழமை அறிக்கை போனது.

அடுத்த திங்கட்கிழமை டிரைவர் வந்தார்.

முப்பது ஆண்டு பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எலுமிச்சைத் தோட்டம் போட்டிருந்தார். இருநூற்றுப் பத்து மரம், நாலு வயது. வாசலில் குடையை உதறி மடக்கிவிட்டு, அறிக்கையை எடுத்து மேசையில் வைத்துத் தடவி நேராக்கினார்.

"அம்மா, இதுல எல்லாம் போதிய அளவுன்னு போட்டிருக்கு. அப்ப பிடுங்கிடட்டுமா?"

"எதை?"

"மரத்தை. கொழுந்து பூரா மஞ்சளா வருது. நாத்துப் பண்ணைக்காரர் வந்து பார்த்துட்டு, இது நோய், விட்டா பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவும்னுட்டார். தோட்டக்கலை அலுவலர், மண்ணைப் பாருங்க, மண்ணுல இரும்பு கம்மியா இருந்தா இலையில தெளிச்சுக் காப்பாத்தலாம், மண்ணுல எல்லாம் இருந்தா அப்புறம் யோசிக்கவே வேணாம்னார். அதான் கேக்க வந்தேன். வெள்ளிக்கிழமை தோண்டற வண்டி வருது."

சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்து இலையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். மேலே இருந்த இளம் இலைகள் வெளுத்த மஞ்சள். அதன்மேல் நரம்பு மட்டும் பச்சையில் மெல்லிய வலையாக ஓடியது. அடியில் இருந்த பழைய இலை முழுப்பச்சை. இருபத்தேழு ஆண்டில் அந்த வலையைப் பல மேசைகளில் பார்த்திருக்கிறாள். இரும்பு கிடைக்காத செடி அப்படித்தான் கொழுந்து விடும்.

அறிக்கையைப் பார்த்தாள். இரும்பு 6.8. கோட்டுக்கு நன்றாகவே மேலே.

"உக்காருங்க. மரம் வைக்கறதுக்கு முன்னாடி மண்ணைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. இங்கதான் கொடுத்தேன். நீங்கதான் வாங்கினீங்க. அன்னைக்கும் என்னை நிக்க வெச்சுட்டு ஓடிப்போய் எதையோ நிறுத்தினீங்க."

பழைய பதிவேட்டை எடுத்தாள். நாலு ஆண்டுக்கு முன் அதே தோட்டம்: இரும்பு 3.9, மாங்கனீசு 2.6, செம்பு 0.7. நடும்போதே இரும்பு கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. அப்போது போட்ட உரம் இத்தனை நாள் தாங்கியிருக்கும். இப்போது: இரும்பு 6.8, மாங்கனீசு 9.4, செம்பு 0.8.

செம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இரும்பு ஏறியிருந்தது. மாங்கனீசு மூன்று மடங்குக்கு மேல் குதித்திருந்தது.

"மாங்கனீசு ஏதாவது போட்டீங்களா?"

"அது என்னன்னே எனக்குத் தெரியாதும்மா."

"தோட்டத்துல தண்ணி தேங்கி நிக்குதா? நின்னாலும் அது ஏறும்."

"மேட்டு நிலம். நின்னா நான் சந்தோஷப்படுவேன்."

"நாளைக்கு வாங்க."

"வண்டி?"

"வெள்ளிக்கிழமைதானே. நாளைக்கு வாங்க."

டிரைவர் போன பிறகு உள் அறைக்குப் போனாள். அங்கே கருவியைப் பார்த்துக்கொள்கிற இளைஞன் இருந்தான். தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். முப்பது வயது. நீலச் சுடரில் கரைசலைத் தூவி, அதனூடே விளக்கொளியை அனுப்பி, எவ்வளவு ஒளி குறைகிறது என்று அளப்பது அந்தக் கருவியின் வேலை. இரும்புக்கு ஒரு விளக்கு, மாங்கனீசுக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று. விளக்குகளை அவன் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பான். வேறு யாரும் தொட்டால் பேச்சு விட்டுவிடுவான்.

"தம்பி, போன வார இரும்பு எண்ணெல்லாம் தூக்கலா இருக்கே, பார்த்தியா?"

"மெஷினைச் சொல்றீங்களா?"

"எண்ணைச் சொல்றேன்."

"எண்ணைச் சொன்னா மெஷினைச் சொன்ன மாதிரிதான். அக்கா, காவல் மண்ணைப் பாருங்க." பதிவேட்டைத் திருப்பி விரலை வைத்தான். ஒவ்வொரு தொகுதியோடும் ஜாடியிலிருந்து ஒரு பழைய மண்ணையும் சேர்த்து ஆட்டுவார்கள். அதன் எண்கள் ஏற்கெனவே தெரிந்தவை. இரும்பு 5.2 வர வேண்டும். "அஞ்சு புள்ளி மூணு வந்திருக்கு. மாங்கனீசு சரி. செம்பு சரி. மருந்தோட பி.எச். நீங்களே பார்த்தீங்க, ஏழு புள்ளி மூணு. வேற என்ன வேணும்? என் மேல பழி போடாதீங்க."

"உன் மேல போடலப்பா."

காவல் மண் சரியாக வந்திருந்தால் மருந்து சரி, நேரம் சரி, கருவி சரி. யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மேலதிகாரி வந்தாலும் அதைத்தான் காட்டுவார்கள். காவல் மண் ஜாடியில் இருந்தது, அடுப்புக்குள் போகவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஜாடியைத் திறந்து ஐம்பது கிராம் எடுத்துத் தட்டில் பரப்பினாள். அடுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவர் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். மாடியில் இரண்டு அறை வீடு. மகள் வேறு ஊரில் படிக்கிறாள். சாப்பிடும்போது அவள் சோற்றை அளைந்துகொண்டிருந்ததை அவர் கவனித்தார். கேட்டார். சொன்னாள்.

"மண்ணை அடுப்புல வெச்சா என்னடி கெட்டுப்போகும்? அது என்ன பாலா?"

"கெட்டுப்போகல. அதிகமாயிடுச்சு."

"அதிகமானா நல்லதுதானே."

"நிலத்துல அதிகமாகலீங்க. என் தட்டுல அதிகமாச்சு. நிலம் அப்படியேதான் கிடக்கு."

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ம்" என்றார். கடையில் ஒருமுறை மாத்திரை மாறிப்போனதை அவர் அவளிடம் சொன்னது எட்டு மாதம் கழித்துத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு புட்டிகள். மூன்றில் ஜாடி மண், மூன்றில் அடுப்பில் காய்ந்த அதே மண். ஒரே மருந்து, ஒரே மேசை, இரண்டு மணி. வடிகட்டியதை உள் அறைக்குக் கொண்டுபோனாள். தம்பி இரும்பு விளக்கைப் பொருத்தினான். கருவி காட்டுவது கரைசலின் எண். பத்து கிராமுக்கு இருபது மில்லி என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும்.

"ஜாடி மண்ணு, ரெண்டு புள்ளி ஆறு. பெருக்கினா அஞ்சு புள்ளி ரெண்டு. நம்ம எண்ணுதான்."

"அடுத்தது?"

"நாலு புள்ளி ஒண்ணு. எட்டு புள்ளி ரெண்டு." நிமிர்ந்தான். "இது எந்த ஊர் மண்ணு?"

"அதே ஜாடிதான்."

மாங்கனீசு விளக்கைப் போட்டான். அடுப்பு மண்ணில் இரண்டரை மடங்கு. செம்பு விளக்கைப் போட்டான். ஒரு நூல் கூடியிருந்தது, அவ்வளவுதான். டிரைவரின் எண்கள் நடந்த அதே நடை. சூட்டில் மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழை சிதைந்து, அதில் கட்டுண்டு கிடந்த இரும்பு அவிழ்ந்துவிடுகிறது. மாங்கனீசு இன்னும் எளிதாக இளகும். செம்பு அவ்வளவாக அசையாது. இதையெல்லாம் தலைவர் அலமாரியில் இருந்த தடித்த புத்தகத்தில் பிறகு படித்துக்கொண்டாள். இருபத்தேழு ஆண்டாக அது அங்கேதான் இருந்தது.

தம்பி கருவியை அணைத்தான். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினான்.

"அக்கா, முப்பத்தெட்டையும் அடுப்புல வெச்சீங்களா?"

"ஆமா."

"சும்மா இருங்க. காவல் மண்ணு சரியா இருக்கு. ஏட்டுல எல்லாம் சுத்தம். யாரும் கேக்க மாட்டாங்க."

"டிரைவர் கேட்டாரே."

"அவர் இதையா கேட்டார்? மரத்தைப் பிடுங்கவான்னுதானே கேட்டார்?"

"அதுக்குத்தான் பதில் சொல்லணும்."

தலைவர் அறையில் நின்றபடியே சொன்னாள். ஆறு புட்டிகளின் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அறிக்கையில கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது சார்."

"அதான் கேக்கறேன்." தாளை மேசையில் வைத்தார். "உன்னை யாரும்மா அடுப்புல வைக்கச் சொன்னது?"

அவள் திரும்பி, உலர்த்தும் அறை வாசல் பக்கம் பார்த்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும், மறுபடி கேட்கவில்லை.

"இப்ப என்ன செய்யணுங்கறே?"

"டிரைவர் மண்ணை மறுபடி எடுக்கணும். சூடு பட்டது இனிமே உதவாது. மத்தவங்களுக்கும் எழுதணும். கோட்டுக்குக் கீழே வரவேண்டியது எது, மேலே தூக்கிட்டுப் போனது எதுன்னு எனக்கே தெரியாது."

"முப்பத்தெட்டு பேருக்கும் நாங்க தப்பா சொல்லிட்டோம்னு எழுதறதா? இந்த நிலையத்துல அப்படி ஒரு கடிதம் போனதே கிடையாது."

"பார்த்து எழுத மாதிரிக் கடிதமும் இல்ல சார். நானே எழுதிக் கொண்டாரேன்."

"எழுது. உன் பேர்ல விளக்கமும் எழுது. ரெண்டையும் கொண்டா." அவள் திரும்பியபோது, "அந்த டிரைவருதை முதல்ல பாரு" என்றார்.

டிரைவர் பத்து மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். நான் மண்ணைத் தப்பாகக் காய வைத்தேன், எண் தப்பு. அவர் கோபப்படவில்லை, விளங்காமல் பார்த்தார்.

"அப்ப மரத்துக்கு நோய் இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது. மண்ணுல இரும்பு போதும்னு நான் சொன்னது தப்புன்னு மட்டும் தெரியும். புது மண்ணு வேணும். இன்னைக்கே. ஒரே இடத்துல எடுக்காதீங்க. மஞ்சளடிச்ச மரங்களுக்குக் கீழே பத்துப் பதினைஞ்சு இடம். மண்வெட்டி பட்ட பக்கத்தை மூங்கில் சிம்பால வழிச்சுத் தள்ளிட்டு உள்ளே இருக்கறதை எடுங்க. துருப்பிடிச்ச டப்பாவுல போடாதீங்க, பிளாஸ்டிக் பை."

"இந்த மழையில காயுமா?"

"அது என் பாடு."

மூன்று மணிக்குப் பையோடு வந்தார். முழங்கால் வரை சேறு. பேருந்தைவிட்டு இறங்கி ஓடி வந்திருந்தார். தான் ஓட்டிய தடத்தில் வண்டி இன்னமும் தாமதமாகத்தான் வருகிறது என்று யாரிடமென்றில்லாமல் திட்டினார்.

மண்ணைக் கிளறி நாலாகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மிச்சத்தைக் கலந்து, மறுபடி பங்கிட்டு அரைக் கிலோவாக்கினாள். முப்பத்தெட்டு தட்டுக்கான அறை முழுவதும் இப்போது அந்த அரைக் கிலோவுக்கு. ஐந்து தாள்களில், கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அளவுக்கு மெல்லியதாகப் பரப்பினாள். மூன்று காற்றாடிகளையும் திருப்பி வைத்தாள். மணிக்கொரு முறை போய் விரலால் கட்டியை உடைத்துக் கிளறினாள். புதன்கிழமை மாலையிலும் விரலில் ஒட்டியது. வியாழக்கிழமை காலை தம்பி எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, குழந்தைக்கு ஜுரம் விட்டுச்சா?"

"கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கு."

"அடுப்பு வேணா பத்த வைக்கட்டுமா?"

அவள் மரச் சுத்தியை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

பதினொன்றரைக்கு மண் உதிர்ந்தது. நைலான் சல்லடையில் சலித்தாள். பன்னிரண்டு மணிக்குப் புட்டிகள் மேசையில் ஏறின. டிரைவர் வெளிப் பெஞ்சில் இருந்தார். அவர் கைப்பேசி மூன்று முறை அடித்தது. தோண்டும் வண்டிக்காரன். நாளை காலை ஆறு மணிக்கா ஏழு மணிக்கா என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

"சாயங்காலம் சொல்றேன்பா... இல்ல, பேரம் இல்ல... மண்ணு ஆடிட்டிருக்கு... மண்ணுன்னா மண்ணுதான், உனக்கு எப்படிச் சொல்றது?"

இரண்டு மணிக்கு மேசையை நிறுத்தினாள். வடிகட்டுவதற்கு முக்கால் மணி ஆயிற்று. தம்பி காவல் மண்ணை முதலில் ஓட்டினான்: 5.2. பிறகு டிரைவரின் மூன்று புட்டிகள். எண்ணைச் சொல்லாமல் காகிதத்தில் எழுதினான். சராசரி போட்டான். இரண்டால் பெருக்கித் தாளை அவள் பக்கம் நகர்த்தினான். இரும்பு 3.6. மாங்கனீசு 2.7. செம்பு 0.7.

மாங்கனீசும் செம்பும் கோட்டுக்கு மேலே. இரும்பு கீழே.

வெளியே வந்து சொன்னாள். "இரும்பு கம்மிதான். மண்ணு இலையோட ஒத்துப்போகுது. அன்னபேதி, அதான் இரும்பு உப்பு, அரை சதவீதக் கரைசல், கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி சேர்த்து, கொழுந்து மேல தெளிங்க. புதுத் தளிர் எப்படி வருதுன்னு பாருங்க. பச்சையா வரலேன்னா அப்புறம் நாத்துப் பண்ணைக்காரர் சொல்றதைக் கேளுங்க."

டிரைவர் கைப்பேசியை எடுத்தார். "தம்பி, வண்டி வேணாம்" என்றார். மறுமுனையில் ஏதோ கத்தல். "இல்லப்பா, தோட்டம் விக்கல. வேணாம், அவ்வளவுதான்." அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். நன்றி சொல்வதா திட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை போலும். குடையை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்றார். தளிர் பச்சையாக வந்த செய்தியை அடுத்த மாதம் தம்பிதான் சொன்னான். டிரைவர் அவனுக்குப் போன் செய்திருந்தார்.

கடிதங்கள் அடுத்த வாரம் போயின. தலைவர் 'தவறு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'மறு ஆய்வு தேவைப்படுகிறது' என்று திருத்தினார். அவள் விளக்கக் கடிதத்தில் இருந்த 'தவறு' அப்படியே கோப்பில் ஏறியது. முப்பத்தேழு பேரில் முப்பத்தொரு பேர் மண் கொண்டுவந்தார்கள். ஒன்பது பேருக்கு இரும்பு கோட்டுக்குக் கீழே இறங்கியது. மூன்று பேருக்கு மாங்கனீசு. செம்பு யாருக்கும் மாறவில்லை. மண் கொண்டுவராத ஆறு பேருக்கு அவளே போன் செய்தாள், இருவர் எடுத்தார்கள்.

முடிவு மாறாதவர்களுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் கத்தரி போட்டிருந்த ஒரு பெரியவர், எண்ணைக் கேட்டதும் போனிலேயே சீறினார்.

"அப்ப முதல்ல சொன்னதே சரிதானே?"

"எண்ணு கம்மியாயிருக்குங்க. ஆனா கோட்டுக்கு மேலேதான் இருக்கு. நீங்க எதுவும் போட வேண்டியதில்ல."

"எதுவும் போட வேண்டியதில்லைன்னு அன்னைக்கே சொன்னீங்களே! அதைச் சொல்றதுக்கா என்னை மழையில மண்ணைச் சுமக்க வெச்சீங்க? உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?"

"மன்னிச்சுக்குங்க ஐயா."

அவர் வைத்துவிட்டார். அவள் பட்டியலில் அவர் எதிரே ஒரு டிக் போட்டாள். அடுத்த எண்ணை அழுத்தினாள்.